கழுத்துக் கட்டியைக் கீற வேண்டும் என்றால், எடுக்கிற சீழ் எங்கே போகும் என்று கேளுங்கள்

போன வருஷம் என் கழுத்தில் வந்த டிபி கட்டியை வெறும் சீழ்க்கட்டி என்று கீறிவிட்ட கதையை எழுதுகிறேன். கிளினிக் பெயரைச் சொல்லப் போவதில்லை, உள்பெட்டியில் வந்தும் கேட்க வேண்டாம். சண்டை போட இல்லை, இதே மாதிரி கட்டியோடு யாராவது இப்போது டிரெஸ்ஸிங்குக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தால் அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான்.

பிப்ரவரியில் தலைக்குக் குளிக்கும்போது இடது காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. அழுத்தினால் வலியே இல்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சாப்பாடு வழக்கம்போல. சரி, தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். மார்ச் கடைசியில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்து, பக்கத்தில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்குப் போனேன்.

தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், நெறி கட்டியிருக்கிறது என்றார், ஒரு வாரத்துக்கு அமாக்சிசிலின் கலந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். இதில் எனக்கு வருத்தம் இல்லை. தொண்டைப்புண்ணுக்கும் பல்வலிக்கும் கழுத்தில் நெறி கட்டுவது சகஜம், முதல் தடவை யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் ஒரு வாரம் முடிந்து கட்டி அப்படியே இருக்கிறது என்று மறுபடி போனால், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் லீவோஃப்ளாக்சசின் பத்து நாளைக்கு எழுதினார். டிபி மாதிரி ஏதாவது இருக்குமா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன், ஏனென்றால் ஊரிலிருந்து அத்தை போனில் "இது கண்டமாலை மாதிரில இருக்கு" என்று சொல்லியிருந்தார், கழுத்தில் வருகிற டிபிக்கு ஊரில் சொல்கிற பழைய பெயர் அது. டாக்டர் சிரித்தார். "டிபி என்றால் இருமுவீர்கள், எடை குறையும், ராத்திரியில் வியர்க்கும். நீங்கள் பிஞ்சுக் குழந்தையிலேயே பிசிஜி தடுப்பூசி போட்டவர்" என்றார். நானும் அத்தையை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

அந்த இரண்டாவது மாத்திரையில் கட்டி கொஞ்சம் சுருங்கினதுபோல் இருந்தது. அதுதான் பெரிய ஏமாற்று, பிறகு சொல்கிறேன்.

மே மாதத்தில் கட்டி மெத்தென்று ஆனது. மேல்தோல் கருநீலமாக, மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. ஆனால் சூடு இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் சாதாரணச் சீழ்க்கட்டி இப்படி நடந்துகொள்ளாது. அது மூன்று நான்கு நாளில் சிவந்து, தொட்டால் கொதித்து, விண்விண்ணென்று தெறித்து, தூங்கவிடாது. என்னுடையது மூன்று மாதம் எடுத்துப் பழுத்தது, ஒரு தடவைகூட வலிக்கவில்லை. இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயரே குளிர்ந்த சீழ்க்கட்டி என்பது. காரணமும் எளிதுதான். வழக்கமாகச் சீழ் வைக்கிற கிருமி அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும், காசநோய்க் கிருமிக்கு அதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். அது நெறிக்குள் உட்கார்ந்து மெதுவாக அந்தச் சதையைப் பாலாடைக்கட்டி மாதிரி ஆக்கி, பிறகு அதைக் கரைக்கிறது, உடம்பும் அவசரமாகச் சண்டைக்குப் போவதில்லை.

கிளினிக்கில் "பழுத்துவிட்டது, கீறிவிடலாம்" என்றார். மரத்துப்போக ஊசி, ஒரு கீறல், கால் மணி நேர வேலை, 380 வெள்ளி. கிண்ணம் நிறையத் தண்ணீரான சீழ், நடுவில் தயிர்க்கட்டி மாதிரித் துணுக்குகள். அதைப் பஞ்சில் துடைத்து, கிண்ணத்தோடு குப்பையில் போட்டார்கள். ஒரு சொட்டு லேப்புக்குப் போகவில்லை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் குப்பைத்தொட்டியைப் பற்றித்தான்.

அதற்கப்புறம் ஆறு வாரம், இரண்டு நாளுக்கு ஒரு தடவை டிரெஸ்ஸிங். துணியை உருவி, கழுவி, புதுத் துணி திணித்து, 25 வெள்ளி. புண் ஆறவில்லை. ஓரம் உள்ளே குடைந்து போய், நீலம் பாய்ந்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டையாக நின்றுவிட்டது. மேலே தோல் மூடுகிற மாதிரி இருக்கும், நான்கு நாளில் மறுபடி ஊறிக்கொண்டு வரும். வேலைக்குத் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் போனேன். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதோ" என்றார் டாக்டர், பரிசோதித்தார், இல்லை. "சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்பக் கோபம்.

ஜூலையில் என் தம்பி மனைவி பிடிவாதமாகப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த இளம் டாக்டர் ஓட்டையைப் பார்த்தார், சுற்றிலும் விரலால் தடவி, நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கொத்தாக இருக்கிறது என்றார், எத்தனை மாதம் என்று கேட்டார். அவ்வளவுதான், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டை வரை பார்த்தார்கள். எனக்கு எதற்கு இது என்று அங்கே இருந்த டாக்டரிடம் கேட்டேன். பெரியவர்களுக்குக் கழுத்தில் வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், இந்த ஊரில் மூக்குக்குப் பின்னால் வருகிற புற்று பல சமயம் கழுத்துக் கட்டியாகத்தான் முதலில் தெரியும் என்றார். அது இல்லை என்றான பிறகு நாள்பட்ட தொற்று. அதிலும் டிபி ஒன்றுதான் என்று இல்லை. சொத்தைப் பல்லின் வேரிலிருந்து தாடை ஓரமாக ஓட்டை போட்டுக்கொண்டு சீழ் வரலாம், மஞ்சள் மணல் மாதிரித் துகள்களோடு வெளியேறுகிற இன்னொரு கிருமியும் தாடைப்பக்கம் வரும், டிபிக்குச் சொந்தக்காரக் கிருமிகளும் இருக்கின்றன. எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒரே ஓட்டைதான், மருந்து மட்டும் வேறு வேறு. அதனால்தான் பார்த்துச் சொல்ல முடியாது, எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

எடுத்த விதத்தையும் சொல்கிறேன். ஓட்டை வழியாக எடுக்கவில்லை. பக்கத்தில் நல்ல தோல் வழியாக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சினார்கள், புண்ணின் ஓரத்திலிருந்தும் துளி சதை வெட்டினார்கள். இரண்டு வேறு பாட்டில். ஒன்றில் ஃபார்மலின், அது நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர், அது கிருமி வளர்க்க. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கவே முடியாது. இன்னொரு சிக்கல், சாதாரணச் சீழ் பரிசோதனையில் டிபி தெரியாது. "டிபிக்கும் பாருங்கள்" என்று தனியாக எழுதினால்தான் அந்தக் கல்ச்சர் போடுவார்கள். "கிருமி எதுவும் வளரவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், எதைத் தேடினார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு நாளில் மரபணுப் பரிசோதனை காட்டிவிட்டது. காசநோய்க் கிருமி, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. கல்ச்சர் வர ஐந்து வாரம் ஆனது. மார்பு எக்ஸ்ரே சுத்தம், சளியும் சுத்தம். நெஞ்சில் இல்லாமல் கழுத்தில் மட்டும் வருவது அபூர்வமே இல்லையாம், அதனால்தான் இருமல் இல்லை, யாருக்கும் மூச்சு வழியாகப் பரவவும் இல்லை. பிசிஜி குழந்தைகளைக் கடுமையான டிபியிலிருந்து காப்பாற்றும், பெரியவர்களுக்கு அதை நம்பி டிபி வராது என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த டாக்டர், முன்னால் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். லீவோஃப்ளாக்சசினைப் பார்த்ததும் முகம் மாறியது. அது டிபி கிருமியையும் அடிக்கும், ஆனால் தனியாகக் கொடுத்தால் முழுசாகக் கொல்லாது. கொஞ்சம் சுருக்கி, நோயை மறைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும், மிஞ்சின கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடவும் கூடும். பிடிவாதமான டிபிக்கு என்று வைத்திருக்கிற மருந்து அது. நான் "குணமாகுது" என்று சந்தோஷப்பட்டது இதைத்தான்.

கீறினது ஏன் ஆறவில்லை என்றும் கேட்டேன். இரண்டு அறை வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நோய் இருக்கிற நெறி உள்ளறை, கழுத்துத் தசையை மூடியிருக்கிற உறைக்குக் கீழே. சீழ் அந்த உறையை ஒரு சின்ன ஓட்டையில் துளைத்துக்கொண்டு தோலுக்கடியில் வந்து திண்ணையில் தேங்கும். கிளினிக்கில் காலி செய்தது திண்ணையை. உள்ளே நோய் உயிரோடு இருக்க, வெளியே கதவு திறந்து வைத்தாயிற்று. டிபி என்று சந்தேகம் இருந்தால் கீறாமல் ஊசியால் எடுப்பது இதற்காகத்தான்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. பலதுறை மருந்தகத்தில் தாதி கண்ணெதிரே விழுங்க வேண்டும். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் வந்து நான் அலறினது வேறு கதை. கண் பார்வை, கல்லீரல் இரண்டையும் இடையில் சோதித்தார்கள். ஐந்தாவது வாரம் வலது பக்கம் புதிதாக ஒரு கட்டி எழும்பியது. மருந்து கேட்கவில்லை என்று அழுதுகொண்டே போனேன். கழுத்து டிபியில் மருந்து நன்றாக வேலை செய்யும்போதே இப்படி வீங்குவது உண்டு, செத்த கிருமியின் மிச்சத்தோடு உடம்பு சண்டை போடுகிறது, ஆனாலும் எதிர்ப்புக் கிருமி இல்லை என்று உறுதிசெய்துவிட்டு அதே மருந்தைத் தொடர்வோம் என்றார்கள். அப்படியே தொடர்ந்தோம், அது தானாக வற்றியது. ஓட்டை மூன்றாவது மாதத்தில் மூடியது. இடது பக்கம் இன்னும் பட்டாணி அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்படும், அது ஆறிய தழும்பு, வளர்ந்தால் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு பழைய கிளினிக்கில் என் மருத்துவ அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கினேன், அதற்குத் தனிக் கட்டணம். "சீழ்க்கட்டி, கீறி அகற்றப்பட்டது" என்று இருந்தது. மாதிரி அனுப்பியதாக ஒரு வரி இல்லை. டிபி என்று முடிவான ரிப்போர்ட்டை இணைத்து மின்னஞ்சல் போட்டேன். டிரெஸ்ஸிங் காசை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. நான் கேட்டது காசு இல்லை, அடுத்த ஆளின் சீழையாவது அனுப்புவீர்களா என்று. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.