பிழைப் பக்கமா, முகப்புக்கே திருப்பிவிடுவதா?

சிறு தொழிலின் தளத்தில் இல்லாத முகவரிக்கு ஒருவர் வந்தால், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 பிழைப் பக்கத்தைத் தனியாகக் காட்டலாம். பேசாமல் முகப்புக்கே திருப்பியும் விடலாம்.

வேலை: திருப்பிவிட ஒரு வரி போதும். பிழைப் பக்கத்தை உட்கார்ந்து எழுத வேண்டும்.

வருபவருக்கு: பழைய விலைப்பட்டியல் இணைப்பைத் தட்டியவர் முகப்பில் போய் விழுந்தால், கை தவறிவிட்டதோ என்று மறுபடி அதையே தட்டுவார். பிழைப் பக்கமோ, "நீங்கள் தேடிய பக்கம் இப்போது இல்லை" என்று சொல்லி, விலைப்பட்டியல், தொடர்பு, முகப்பு என மூன்று இணைப்புகளை நீட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம். நகைச்சுவைப் படமும் வேண்டாம், எரிச்சலில் இருப்பவருக்குச் சிரிப்பு வராது.

தேடுபொறிக்கு: எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால், கூகுள் அவற்றையும் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே எண்ணும். ஆக, அதில் லாபமில்லை.

பிழைப் பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. அப்பாச்சி சர்வரில் `.htaccess` கோப்பில் இப்படி எழுத வேண்டும்:

```
ErrorDocument 404 /404.html
```

இங்கே `https://` என்று முழு முகவரி கொடுத்தால் சர்வர் திருப்பிவிட்டுவிடும். 404 குறியீடு போகாது. `curl -I` கட்டளையோடு இல்லாத முகவரி ஒன்றைக் கொடுத்து, முதல் வரியில் 404 வருகிறதா பாருங்கள்.

பக்கம் இடம் மாறியிருந்தால் மட்டும் அதன் புதிய முகவரிக்கே 301 என்ற நிரந்தரத் திருப்பலைப் போடுங்கள். முகப்புக்குத் திருப்புவது ஒரே பக்கமுள்ள தளத்துக்குச் சரி. மற்றவர்களுக்குப் பிழைப் பக்கம்தான்.