அதே 28 எண்கள், மூன்று விதமான சார்ட்

அத்தைக்கு ஆஸ்துமா. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறோம் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை ஊதி நோட்டில் எழுதி வைப்பார். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும். 14 நாளுக்கு 28 எண்கள். நோட்டை அப்படியே நீட்டினால் டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிடுவார். போன முறை அதுதான் நடந்தது. அதனால் இந்த முறை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் கொண்டுபோக நினைத்தோம். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

முதலில் கோடு எங்கே போடுவது என்ற சண்டை. 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. இது எல்லாருக்கும் தெரியும். எதில் 80 சதவீதம் என்பதுதான் கேள்வி. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் அட்டவணைப்படி அத்தைக்கு 380 வர வேண்டும். அப்படியானால் பச்சை 304இல் தொடங்கும். ஆனால் மூச்சுத் தொந்தரவே இல்லாமல் நன்றாக இருந்த இரண்டு வாரத்தில் ஊதியபோதுகூட அவர் எட்டிய உச்சம் 320தான். அதை வைத்துக் கணக்கிட்டால் பச்சை 256இல் தொடங்கும், 160க்குக் கீழே போனால் சிவப்பு.

அட்டவணையை நம்பினால், நன்றாக இருக்கும் நாளில் மாலை 295 ஊதினாலும் மஞ்சள். தினமும் மஞ்சளைப் பார்த்தால் யாரும் மஞ்சளை மதிக்க மாட்டார்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அட்டவணை 520 என்று சொல்லும் ஒருவரின் சொந்த உச்சம் 600 என்று வையுங்கள். அவர் 450க்கு இறங்கினால் தன் உச்சத்தில் 75 சதவீதம்தான், ஆனால் அட்டவணைக் கோடு இன்னும் பச்சை என்றே காட்டும். ஆகவே என் ஓட்டு சொந்த உச்சத்துக்கு. ஒரு எச்சரிக்கை: அந்த உச்சம் உண்மையானதாக இருக்க வேண்டும். அத்தை ஒருநாள் 300, 310, 390 என்று ஊதினார். அந்த 390 துப்புவதுபோல ஊதியதால் வந்தது. பெரிய இரண்டு எண்களுக்கும் இடையே 40க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி ஊத வேண்டும். மீட்டரை மாற்றினாலும் உச்சத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கோடு முடிவானது. அடுத்தது, எண்களை எப்படி அடுக்குவது.

தம்பி எக்ஸெல்லில் நிறங்களை எண்ணினான்: பச்சை 18, மஞ்சள் 10, சிவப்பு இல்லை. பார்க்க அழகாக இருந்தது. 'பாதிக்கு மேல் பச்சை' என்று எல்லாருக்கும் நிம்மதி. அத்தையின் மகள் ஒவ்வொரு நாளின் காலை, மாலை எண்களுக்குச் சராசரி எடுத்தாள். காலை 240, மாலை 310 என்றால் சராசரி 275. அதுவும் பச்சை! இந்த முறையில் மஞ்சளே மறைந்துபோனது.

நான் கட்டம் போட்ட நோட்டில் மூன்று பட்டை வரைந்து, காலைக்கு வட்டம், மாலைக்குப் பெருக்கல் குறி என்று நாள்வாரியாகக் குறித்தேன். ஊத மறந்த வேளை இருந்திருந்தால் அதைக் காலியாகவே விட்டிருப்பேன். ஊகித்து நிரப்பினால் இல்லாத ஒரு கதையைச் சொன்னதாகிவிடும். மூச்சு முட்டும்போது உடனே எடுக்கும் நீல இன்ஹேலரை எடுத்த நேரத்தை அந்தந்த நாளுக்குக் கீழே சின்னதாக எழுதினேன்.

வரைந்து முடித்ததும் கண்ணில் பட்டது ஒன்றுதான். 10 மஞ்சளும் காலை வட்டங்கள். பெருக்கல் குறிகள் எல்லாம் பச்சையில். நீல இன்ஹேலர் நேரங்களும் பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணியை ஒட்டியே. இந்தக் காலை மாலை ஏற்றத்தாழ்வை அளக்கலாம்: 310இலிருந்து 240ஐக் கழித்தால் 70, அதைச் சராசரி 275ஆல் வகுத்தால் சுமார் 25 சதவீதம். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினாலே அதிகம் என்பார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

டாக்டர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. "ராத்திரி மருந்து போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை தயங்கினார். இரவில் தடுப்பு இன்ஹேலர் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க எழுந்து போக வேண்டும் என்பதால், பல நாள் அதை விட்டுவிட்டாராம். நிறங்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டியிருந்தால் டாக்டருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. அளவைக் கூட்டி எழுதியிருக்கவும் கூடும்.

இரண்டு வாரம் கழித்து, அதே அளவில் கட்டம் போட்டு அடுத்த தாளை வரைந்தோம். அளவை மாற்றினால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. காலை வட்டங்கள் 280க்கு மேலே ஏறியிருந்தன. மருந்தின் அளவு பழையதுதான்; இராத்திரி இன்ஹேலர் மட்டும் ஒருநாளும் விடுபடவில்லை.