பழைய வீடு வாங்குகிறீர்களா? குறைகளை எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

சென்னையில் எண்பதுகளில் கட்டின தனி வீடு. மே மாத வெயிலில் போய்ப் பார்த்தோம், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது, சுவிட்சுகள்கூடப் புதுசு. ஓதம் உண்டா, வயரிங் எப்படி என்று நேராகவே கேட்டேன். "ஒண்ணுமில்லை சார், நாங்களே குடியிருந்த வீடு" என்றார் ஓனர்.

ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது, தொட்டால் பட்டி உப்போடு சேர்ந்து பொலபொலவென்று கொட்டியது. பார்க்க வந்த பெயிண்டர் சிரிக்கிறார்: "இந்தச் சுவரா? பொங்கலுக்குப் பொங்கல் நான்தானே சுரண்டிப் பூசுவேன்." அப்புறம் ஏசி மாட்ட எலக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றினால் புது சுவிட்சுக்குப் பின்னால் பழைய அலுமினிய ஒயர், அதைத் தாமிர ஒயரோடு முறுக்கிவிட்ட இடம் கருகிக் கிடக்கிறது, மூணு பின் சாக்கெட்டின் மேல் துளைக்கு எர்த் ஒயரே வரவில்லை.

வக்கீலிடம் போனோம். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது: விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை அவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மோசடி. சரி, அவருக்குத் தெரியும் என்று யார் நிரூபிப்பது? பெயிண்டர் கோர்ட்டுக்கு வர மாட்டேன் என்கிறார். ஓனரோ "நீங்களே வந்து பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று பத்திரத்தைக் காட்டுகிறார், அதில் 'நேரில் பார்த்துத் திருப்தியடைந்து' என்ற வழக்கமான வரி இருக்கிறது. வாயால் சொன்னதற்கு எந்தத் தடயமும் இல்லை.

என் சித்தப்பா கும்பகோணத்து வீட்டை விற்றபோது ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுத்தார்: "குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் உண்டு, தரை ஓடு மாற்றியும் நிற்கவில்லை. மாடி அறை வயரிங் மட்டும் புதிது, கீழே முழுக்கப் பழையது, எர்த் கிடையாது. கழிவுநீர்க் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது." அந்தத் 'தெரியாது' முக்கியம், தெரியாததை நன்றாக இருக்கிறது என்று எழுதினால்தான் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கிரைய ஒப்பந்தத்தோடு இணைப்பாக வைத்தார்கள். வாங்கினவர் வயரிங் மாற்ற எஸ்டிமேட் வாங்கி விலையில் கழித்துக்கொண்டார். மழைக்காலத்தில் அந்தச் சுவர் நனைந்தபோது சித்தப்பாவுக்குப் போன் வந்தது, நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா என்று கேட்டு. சொல்லி விற்ற குறைக்காக வாங்கினவரால் சண்டை போடவும் முடியாது, அதனால் இந்தத் தாள் விற்பவருக்கும் காப்புதான்.

நீங்கள் கேட்கும்போது எந்தச் சுவர், எப்போதிருந்து, என்ன ரிப்பேர் செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 'சிறு குறைகள் இருக்கலாம்' என்று பொதுவாக எழுதினால் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளாதீர்கள், அது ஓனருக்குத்தான் உதவும்.