கனெக்டர் பின்னுக்கு 10 கிலோ ஓம், BAT54S, டி.வி.எஸ்.: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் டிஜிட்டல் இன்புட் பின் ஒன்று நேராக ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போகிறது. பக்கத்து டெர்மினலில் 24 வோல்ட். இரண்டும் ஒருநாள் தொட்டுக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் டிசைன் செய்ய வேண்டும்.

பலரும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, மீதியைச் சிப்புக்குள் இருக்கும் கிளாம்ப் டயோடிடம் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது தாங்காது. பின் ஏறக்குறைய 3.9 வோல்ட்டில் நிற்கும், மீதி 20.1 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும். அதாவது 20 மில்லி ஆம்பியர். பல சிப்களின் டேட்டாஷீட்டில் ஒரு பின்னுக்கு 5 மில்லி ஆம்பியர்தான் எல்லை, சிலவற்றில் அதற்கும் கீழே. ரெசிஸ்டரிலோ 0.4 வாட் சூடு. 0603 அளவு ரெசிஸ்டரின் திறன் பெரும்பாலும் 0.1 வாட்தான், கருகிவிடும். 10 கிலோ ஓம் ஆக்கினால் கரண்ட் 2 மில்லி ஆம்பியர், சூடு 40 மில்லிவாட். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாலும் கவலையில்லை. சுவிட்ச், சென்சார் மாதிரி மெதுவான சிக்னல்களுக்கு 10 கிலோவுக்குக் கீழே போகக் காரணமே இல்லை.

ரெசிஸ்டருக்கும் பின்னுக்கும் நடுவிலுள்ள புள்ளியிலிருந்து 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் BAT54S. இந்தக் கரண்டில் இந்த ஷாட்கி டயோடு 0.3 வோல்ட் அளவிலேயே கடத்தத் தொடங்கிவிடும். சிப்புக்குள் இருக்கும் சிலிக்கன் டயோடு 0.6 வோல்ட் அருகில்தான் விழிக்கும். அதனால் சுமை முழுதும் வெளியிலேயே போய்விடுகிறது. 5 வோல்ட் தாங்கும் பின்களில் இது இன்னும் அவசியம். அவற்றில் பெரும்பாலும் சப்ளை பக்கம் போகும் டயோடே கிடையாது, ஆகவே ரெசிஸ்டர் மட்டும் போட்டால் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

ஸ்டேட்டிக் டிஸ்சார்ஜ் வேறு கணக்கு. சிப்பின் டேட்டாஷீட்டில் எழுதியிருக்கும் 2 கிலோவோல்ட் மனித உடல் மாடல் என்பது 1.5 கிலோ ஓம் வழியாக வரும் 1.3 ஆம்பியர். அது தொழிற்சாலையில் கையாள்வதற்கான உத்தரவாதம். கனெக்டருக்குப் பொருந்தும் IEC 61000-4-2 சோதனையில் 8 கிலோவோல்ட் தொடுகைக்கு முதல் உச்சம் 30 ஆம்பியர், அதுவும் ஒரு நானோ செகண்டுக்குள். அந்த வோல்ட்டேஜில் சின்ன ரெசிஸ்டரின் மேலேயே பொறி தாண்டிவிடும். எனவே ரெசிஸ்டருக்கு முன்னால், கனெக்டரை ஒட்டி, திடீர்த் துடிப்பைப் பிடித்துக் கிரவுண்டுக்குத் திருப்பும் டி.வி.எஸ். டயோடு வேண்டும்.

தேர்வில் அடிக்கடி நடக்கும் தவறு: பின் 3.3 வோல்ட் என்பதால் 5 வோல்ட் டி.வி.எஸ். வைப்பது. 24 வோல்ட் தொட்டதும் அது தொடர்ந்து கடத்தி, எரிந்து, பெரும்பாலும் ஷார்ட்டாகிவிடும். SMAJ26A வைத்தால் 24 வோல்ட்டைக் கண்டுகொள்ளாது. துடிப்பு வரும்போது 42 வோல்ட் பக்கம் பிடிக்கும், மீதியை 10 கிலோ ஓம் 4 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். டி.வி.எஸ்.ஸின் கிரவுண்ட் கால் உடனே வயாவில் இறங்க வேண்டும். ட்ரேஸ் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு நானோஹென்றி. 10 மில்லிமீட்டர் இழுத்தால் 30 ஆம்பியர் ஏற்றத்தில் அதன் மேலேயே 300 வோல்ட் எழும்பும். என் மதிப்பில் பாகத் தேர்வைவிட இந்த இடம்தான் அதிகம் கோட்டைவிடப்படுகிறது.

இந்த அமைப்பின் உண்மையான பலவீனம் நாள்பட்டுத்தான் தெரியும். கிளாம்ப் டயோடு தள்ளும் கரண்ட் 3.3 வோல்ட் லைனுக்குள் போகிறது. நாலு இன்புட்டிலும் 24 வோல்ட் என்றால் 8 மில்லி ஆம்பியர். போர்டு தூக்கத்தில் சில மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கும். சாதாரண ரெகுலேட்டரால் கரண்டை வெளியே தள்ள முடியும், உள்ளே வாங்க முடியாது. லைன் 3.3-ஐத் தாண்டி ஏறி, அதில் தொங்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். சப்ளை அணைந்திருக்கும்போது இதே வழியில் மைக்ரோகன்ட்ரோலர் அரை உயிரோடு ஓடும், சரியாக ரீசெட் ஆகாது. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் போர்டில் லைனுக்கும் கிரவுண்டுக்கும் 390 ஓம் போட்டால் 8.5 மில்லி ஆம்பியர் உறிஞ்சி இதைத் தீர்க்கும். பேட்டரி போர்டில் அது கட்டுப்படியாகாது. அங்கே BAT54S-ஐ விட்டுவிட்டு, 10 கிலோ ஓம் வழியாக ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, கலெக்டரைப் புல்அப்போடு பின்னுக்கு இணைப்பது மேல். அதிகக் கரண்ட் கிரவுண்டுக்கே போய்விடும். சிக்னல் தலைகீழாகும், அதை நிரலில் திருப்பிக்கொள்ளலாம். நெகட்டிவ் வோல்ட்டேஜுக்காகப் பேஸ்–எமிட்டருக்கு எதிர்த்திசையில் ஒரு 1N4148.

அனலாக் இன்புட்டுக்கு BAT54S-ஐ அப்படியே எடுத்துப்போக வேண்டாம். அதன் கசிவு அரை மைக்ரோ ஆம்பியர் ஆனாலே 10 கிலோ ஓமில் 5 மில்லிவோல்ட் பிழை, 12 பிட் அளவீட்டில் ஆறு படி. சூடு ஏற ஏற கசிவும் ஏறும்.

அடி வாங்கிய இன்புட் பின் பல நேரம் உடனே சாகாது. சந்தேகமிருந்தால் கனெக்டரைக் கழற்றி, பின்னை இன்புட்டாக வைத்து, 100 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்து, 10 மெகா ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள். மீட்டரின் சுமையால் 3.27 வோல்ட் காட்டுவது சரி. 2.9 காட்டினால் மூன்று மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எங்கோ கசிகிறது. BAT54S-ஐக் கழற்றிய பிறகும் அதே அளவு வந்தால் சிப்பை மாற்ற வேண்டியதுதான்.