டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வாங்குபவர்கள், பின் நம்பரைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள்

பேரணாம்பட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. டைரக்டர் என்ற முறையில் என் பெயரில் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் எடுக்க வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஏஜென்டிடம் போனேன். பான், ஆதார் கொடுத்தேன், வீடியோவில் முகம் காட்டினேன், இரண்டு வருடத்துக்கு 2,500 ரூபாய் கட்டினேன். மறுநாள் சான்றிதழ் இருக்கும் பென்டிரைவ் போன்ற டோக்கனை ஒரு கவரில் போட்டு, பின் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

கம்பெனியின் வருடக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய பிறகுதான் ஆடிட்டர் ஆபீசில் டோக்கனைச் செருகினோம். முதலில் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பெரிய விஷயமில்லை, டோக்கனுக்கான டிரைவரை நிறுவியதும் சரியாகிவிட்டது. சான்றிதழைத் திறந்து பார்த்த ஆபீஸ் பையன், "அண்ணே, Valid to ஒரு வருஷம்தானே காட்டுது?" என்றான். இரண்டு வருடத்துக்குப் பணம் வாங்கி ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருக்கிறார்.

அப்புறம் பின் போட்டோம், தவறு என்றது. சீட்டில் இருந்ததையே திரும்பத் திரும்பப் போட, டோக்கன் பூட்டிக்கொண்டது. ஏஜென்டுக்குப் போன் செய்தால், "இனிஷியலைஸ் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார். எல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அவர் சொன்னதை நம்பி ஓகே கொடுத்தோம். உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி டோக்கனுக்குள்ளேயே உருவாகி, அங்கேயே இருப்பது. அதை வெளியே நகலெடுக்க முடியாது, அழிந்தால் திரும்பாது. பூட்டிய டோக்கனை நிர்வாகி பின் (SO PIN) போட்டுத் திறந்தால் சான்றிதழ் தப்பித்திருக்கும். அதைக் கேட்டபோது தன்னிடம் இல்லை என்றார். எனக்குக் கொடுத்தது வேறொரு வாடிக்கையாளருடைய சீட்டு என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். புதிதாக எடுக்க மறுபடி முழுப் பணமும் கேட்டார்.

வேறு இடத்தில் எடுத்தேன். புதுச் சான்றிதழ் வந்ததும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் திரும்ப இணைத்தோம், வருமான வரித் தளத்திலும் மறுபடி பதிந்தோம். பழைய பதிவு புதியதற்குச் செல்லாது. இதற்குள் ஏஓசி-4 ஆறு நாள் தாமதம். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 600 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்டினேன்.

இரண்டாவது முறை கடையிலேயே டோக்கனைச் செருகச் சொன்னேன். பெயர், Valid from, Valid to மூன்றையும் பார்த்துவிட்டு, என் கையாலேயே பின்னை மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின் இரண்டு தடவை தவறினால் மூன்றாவது தடவை முயலாதீர்கள். யார் சொன்னாலும் இனிஷியலைஸ் மட்டும் கொடுக்காதீர்கள். பில்லில் எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். என்னிடம் இருந்தது வெறும் துண்டுச்சீட்டு, அதனால் அந்த 2,500 ரூபாயைக் கேட்டு வாங்க வழியில்லை.