கீரையின் பச்சை: மூடியா, திறந்த சட்டியா, அப்பச்சோடாவா?

பொன்னாங்காணியை அடுப்பில் போட்ட முதல் நிமிடத்தில் அதன் பச்சை இன்னும் தூக்கலாகத் தெரியும். இலைக்குள் அடைபட்டிருந்த காற்று சூட்டில் வெளியேறுவதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை மங்கி, பாசிபிடித்த காக்கி நிறமாகும். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. இலையின் சொந்தப் புளிப்பு தனி அறைகளில் அடங்கியிருக்கும். சூடு அந்த அறைகளை உடைத்ததும் அமிலம் பரவி, மக்னீசியத்தைத் தள்ளிவிடும். அந்த இடத்தில் ஐதரசன் ஏறிக்கொள்ளும்.

மூடிச் சமைத்தால் ஆவியோடு போகவேண்டிய அமிலம் மூடியில் பட்டு நீராகி, திரும்பவும் சட்டிக்குள்ளேயே சொட்டும். தண்ணீர் ஊற்றாமலே வேகும் என்பது மூடியின் வசதி. ஆனால் அது தண்டுக்குத்தான் தேவை, இலைக்கு அல்ல. ஆகவே கீரைச் சுண்டலுக்குத் தண்டை மெல்லிசாக அரிந்து, வதக்கிய வெங்காயம், பச்சைமிளகாயோடு இரண்டு நிமிடம் மூடி வைத்தபின் மூடியை எடுத்துவிடலாம்.

இலைக்குத் திறந்த சட்டியே சரி. 250 கிராம் கீரைக்கு வாயகன்ற தாச்சி, வலுத்த நெருப்பு. கழுவிய இலையை நன்றாக உதறி, இரண்டு தடவையாகப் போட்டுக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, இலை விட்ட நீரிலேயே வேகத் தொடங்கும். காதிலேயே தெரியும்: சீறும் சத்தம் நின்று கொதிக்கும் சத்தம் வந்தால் நிறம் போகப்போகிறது. இலை வாடியதும் உப்பும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு கிளறு கிளறி இறக்கலாம். இலை போட்டதிலிருந்து மூன்று நிமிடம் போதும். இறக்கியபின் தாச்சியிலேயே விடாமல் அகலமான தட்டில் பரப்புங்கள்; சட்டிச் சூட்டிலும் நிறம் மங்கும்.

நிறைய நீரில் அவிக்கும் முறையும் பச்சையைக் காக்கும். இரண்டு லீற்றர் கொதிநீரில் ஒரு நிமிடம் மூடாமல் விட்டு, உடனே குளிர்நீரில் போட வேண்டும். அமிலம் நீரில் கலந்து நீர்த்துப்போகும். கூடவே வைட்டமின் சி-யும் ருசியும் அதே நீரில் போய்விடும் என்பதால் சுண்டலுக்கு இதைச் சொல்லமாட்டோம்.

அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் அமிலம் முறிந்து பச்சை பளிச்சென்று நிற்கும், உண்மை. ஆனால் இலையின் நார்ச்சுவர் இளகிக் குழைந்துவிடும், சவர்க்காரச் சுவை தட்டும், வைட்டமின்களும் கெடும். கண்ணுக்கு மட்டும் நல்ல கறி அது.

தேசிக்காய்ப்புளி எந்த முறைக்கும் கடைசியில்தான். கீரைப் பால்கறியில் கொதிக்கும்போது விட்டால் நிறமும் போகும், பாலும் திரையும்; இறக்கி ஆறியபின் விடுங்கள். அடுப்பே காணாத வல்லாரைச் சம்பலிலும், அரிந்த இலையில் புளி ஊறினால் மெல்ல மெல்ல மங்கும். சோறு போட்டபின் புளி பிழிந்தால் போதும்.