மீடியனா, நகரும் சராசரியா: கேத்தி கேரட் தோட்டத்தில் பார்த்தது

கேத்தி பள்ளத்தாக்கில் அண்ணனுடைய கேரட் தோட்டத்துக்கு உறைபனி காவல் ஒன்று செய்து கொடுத்தேன். தரையை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர், 10 விநாடிக்கு ஒரு ரீடிங். 2 டிகிரிக்குக் கீழே போனால் ஸ்பிரிங்ளர் மோட்டார் ஓடும், 3-ஐத் தாண்டினால் நிற்கும். முதலில் போட்டது 8 ரீடிங்கின் நகரும் சராசரி. எழுதுவது சுலபம், பழையதைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும்.

முதல் பனி இரவிலேயே அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, மோட்டார் நின்னு நின்னு ஓடுது."

ரிலே மோட்டாரைப் போடும் கணத்தில் சென்சார் ஒயரில் ஒரு ஸ்பைக் ஏறுகிறது. உண்மையில் 1 டிகிரி இருக்கும்போது ஒரு ரீடிங் மட்டும் 25 என்று வந்தது. ஏழு 1-உம் ஒரு 25-உம் சேர்ந்தால் சராசரி 4. மோட்டார் நின்றுவிடும். அந்த 25 விண்டோவை விட்டு வெளியேற 80 விநாடி ஆகும். பிறகு சராசரி 1-க்கு இறங்கும், மோட்டார் ஓடும், மறுபடி ஸ்பைக். 25 என்பது பகலில் வெயில் பட்டால் வரக்கூடிய அளவுதான்; அதனால் எல்லை வைத்துத் தள்ளவும் முடியாது.

5 ரீடிங்கை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் மீடியனுக்கு மாறினேன். 1, 1, 1, 1, 25-இல் நடுவில் இருப்பது 1. ஸ்பைக் எவ்வளவு உயரம் என்பது மீடியனுக்குப் பொருட்டே இல்லை, எத்தனை ரீடிங்கைக் கெடுத்தது என்பதுதான் கணக்கு. ஐந்தில் இரண்டு வரை தாங்கும், மூன்று கெட்டால் தோற்கும்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். ஐந்து ரீடிங்கையும் ஒரே மூச்சில் எடுத்தேன். ஐந்தும் அதே ஸ்பைக்குக்குள் விழுந்தன. மீடியனும் 25 என்றே சொன்னது. 10 விநாடி இடைவெளியில் வரும் கடைசி ஐந்தை வைத்த பிறகுதான் அடங்கியது. இன்னொன்று, வரிசைப்படுத்தும்போது ரிங் பஃபரையே கலைத்துவிடக் கூடாது. கலைத்தால் எது பழைய ரீடிங் என்பது தொலைந்துவிடும். நகல் எடுத்து அதை அடுக்க வேண்டும்:

```c
memcpy(s, buf, sizeof s);
sort5(s);
t = s[2];
```

தாமதம் பெரிய விஷயமில்லை. வெப்பநிலை சீராக இறங்கும்போது இந்த மீடியன் இரண்டு ரீடிங் பின்தங்கும், 8-இன் சராசரி மூன்றரை. ஐந்து எண்ணை அடுக்குவது எந்த மைக்ரோகண்ட்ரோலருக்கும் சுமையாகாது.

சராசரி ஜெயிக்கும் இடமும் உண்டு. ஏடிசியின் சின்னச் சின்ன நடுக்கத்தை அது நன்றாக ஆற்றும். மீடியன் அந்த அளவுக்கு ஆற்றாது. அதனால் இப்போது மீடியனுக்குப் பின்னால் 4-இன் சராசரி ஒன்று வைத்திருக்கிறேன். மாற்றி வைத்தால் பயனில்லை. சராசரி முதலில் வந்தால் ஒரு ஸ்பைக் நாலு ரீடிங் அகலத்துக்குப் பரவிவிடும், அதை 5-இன் மீடியனால் தள்ள முடியாது.

ஒரே ஒரு பனிக்காலம்தான் இது ஓடியிருக்கிறது, அதுவும் வெப்பநிலைக்கு மட்டும். காற்று வேகம் போல ஒரு கணத் தாவலே உண்மையாக இருக்கும் அளவீட்டுக்கு மீடியனைப் போட மாட்டேன். பலத்த காற்று வீச்சையே அது விழுங்கிவிடும்.